வாசற்படிக் கல், எண்ணிக்கை ஒன்று

மாத்தளைப் பக்கத்துப் பிரதேச சபை ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை பார்க்கும் நஸ்மியாவுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்காமல் இருக்க முடியாது. கலியாண வீட்டுக்குப் போனால் பந்தல் கம்பை எவ்வளவு ஆழத்தில் நட்டார்கள் என்று விசாரிப்பாள். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால், கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று எட்டிப் பார்ப்பாள். நகரத்தில் கறுவாவும் கராம்பும் வாங்கி விற்கும் அவளுடைய கணவர் றம்ஸிக்கு இது பழகிப்போன சங்கதி. "ஜனாஸா வீட்டுல மட்டும் வாயத் தொறந்துராதீங்க" என்பார். சாவு வீட்டிலும் ஒருமுறை திறந்திருக்கிறாள் என்பது வேறு கதை.

இந்த வியாதியோடுதான் அவள் டிப்ளோமா முடித்து வில்கமுவவில் முதல் வேலைக்குப் போனாள். பஸ்ஸைத் தவறவிட்டால் உழவு மெஷினில் ஏறி, வயல் வரம்பு வரம்பாக இறங்கி, வாய்க்கால் அளந்த காலம் அது. அளவுப் பட்டியல் எழுதப் பழகியதும் அங்கேதான். கந்தோர் உத்தியோகத்தர் எல்லாரும் அதை பி.ஓ.கியூ. என்பார்கள். ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, இன்ன வேலை, இன்ன அலகு, இவ்வளவு என்று வரிசையாக எழுதி, விலைக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டு, வேலையை எடுத்துச் செய்யும் கொந்தராத்துக்காரர்களிடம் கொடுப்பது. அவர்கள் விலையை நிரப்பித் தருவார்கள். எல்லாரும் ஒரே வேலைக்கு, ஒரே அளவுக்கு விலை போட்டால்தானே யாருடையது நியாயம் என்று பார்க்கலாம். சபை தன் மதிப்பீட்டைத் தனியாக வைத்திருக்கும். பலருக்கு இது தூக்கம் வரவழைக்கும் வேலை. நஸ்மியாவுக்கு அப்படியில்லை. இன்னும் கட்டாத ஒன்றை மனதுக்குள்ளேயே தோண்டி, கட்டி, பூசி முடிப்பது அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

அவள் இந்தச் சபைக்கு மாறி வந்த ஆகஸ்ட் மாதம், மேசையில் ஒரு கோப்பு கிடந்தது. பலாபத்வலையிலிருந்து மலைப்பக்கம் ஏறிப் போகும் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில், பிள்ளைமடுவத்துக்குப் பின்னால் ஒரு கல் தாங்குசுவர். பிள்ளைமடுவம் என்றால் தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம். அதன் முதுகுப்பக்கம் செங்குத்தான மண்மேடு. மழைக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து ஜன்னல் மட்டம்வரை வந்துவிட்டது. சுவருக்குக் காசும் ஒதுக்கியாயிற்று. முதல் தடவை விலை கேட்டபோது ஒரேயொருவர் கொடுத்தார்; அதுவும் சபையின் மதிப்பீட்டை எங்கோ தாண்டியிருந்ததால் தள்ளிவிட்டார்கள். இரண்டாம் தடவை ஒருத்தரும் கொடுக்கவில்லை. வருடம் முடிவதற்குள் வேலையைக் கொடுக்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும். அதற்கு முன்பே ஐப்பசி மழை வந்துவிடும்.

"அத விடுங்க மிஸ்," என்றார் கணக்குப் பகுதி பஸ்லி நானா. "ராசியில்லாத ஃபைல். யாருக்கும் வேணாம்."

யாருக்கும் வேண்டாம் என்றதுமே நஸ்மியாவுக்கு வியாதி தலைதூக்கிவிட்டது. ஒரு சின்னச் சுவர். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பின் ஏன் கொந்தராத்துக்காரர்கள் ஓடுகிறார்கள்? முதல் தடவை விலை கொடுத்த சசிக்குமாருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"என் வெலைய அநியாய வெலைன்னு எழுதி அனுப்பினாங்க மிஸ்," என்றான் அவன். குரலில் இன்னும் சூடு ஆறவில்லை. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களே ஒருக்கா போய்ப் பாருங்க. ஜீப்புல போங்க, எங்க வரைக்கும் போவுதுன்னு பாருங்க."

ஜீப் கொழுந்து மடுவம்வரை போனது. கொழுந்து நிறுக்கும் தகரக் கொட்டகை அது. அதற்கு மேல் ஒரு வழி இருந்தது. ஆனால் அதன் ஒரு பக்கம் இடிந்து, நடுவில் இருந்த மதகு உட்கார்ந்துபோய், மிச்சம் ஒரு ஆள் நடக்கும் அகலம். கொஞ்ச தூரம் போனதும் அதுவும் முடிந்து கல்படி தொடங்கியது. மேலே பிள்ளைமடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் துஷாந்தினி, இடுப்பில் ஒரு குழந்தையோடு பாதி வழியில் வந்து காத்திருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே நஸ்மியா கேட்ட முதல் கேள்வி:

"தங்கச்சி, இந்த வழிக்கு என்ன பேரு?"

"காட் ரோட்டுன்னு சொல்லுவாங்க மிஸ்."

"கார் ரோட்டா?"

"கார் இல்ல மிஸ், காட். இங்கிலீசுல வண்டிக்கு அப்படித்தானாம். வெள்ளக்காரன் காலத்துல மாட்டு வண்டி போவுமாம். இப்ப மாடும் இல்ல, வண்டியும் இல்ல, பேரு மட்டும் இருக்கு."

நஸ்மியா அங்கேயே படியில் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தாள். பழைய பட்டியலின் முதல் பக்கத்தில், தளத்துக்குப் போகும் வழி என்ற இடத்தில், 'கார் ரோட்டு உண்டு' என்று அழகாகத் தட்டச்சடித்திருந்தது. அவளுக்கு முன்பிருந்தவர் தொலைபேசியில் கேட்டிருப்பார்; தோட்டத்தில் இருந்தவர் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்; காதில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. சிங்களப் பிரதியிலோ அது இன்னும் வளர்ந்து, வாகனம் செல்லும் பாதை என்றே ஆகியிருந்தது. நஸ்மியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. இடுப்புக் குழந்தை அவள் பேனையைப் பிடித்து இழுத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

மாவட்ட விலைப் பட்டியலில் கல்லுக்கும் மணலுக்கும் போட்டிருக்கும் விலை, லொறி தளத்தருகே கொண்டுவந்து கொட்டுவதாக நினைத்துப் போட்டது. இங்கே லொறி கொழுந்து மடுவத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு கல்லும் மனிதர் தலையில்தான் ஏற வேண்டும். சசிக்குமார் அந்தச் சுமைக்கும் சேர்த்து விலை போட்டான். சபையின் மதிப்பீட்டில் அப்படி ஒரு சுமையே இல்லை. ஆகவே அவன் அநியாயக்காரன் ஆனான். மற்றவர்கள் புத்திசாலிகள், பேசாமல் இருந்துவிட்டார்கள்.

சுவரின் அளவுகளை அவள் திரும்ப எடுத்தாள். நீளம், அடி அகலம், மேல் அகலம், உயரம், அத்திவாரம் தோண்ட வேண்டிய ஆழம் எல்லாவற்றையும் நாடா பிடித்துப் பார்த்தாள். துஷாந்தினிதான் மறுமுனையைப் பிடித்தாள். பழைய கணக்கில் பிழையில்லை. பாவம், அந்த மனிதர் சுவரைச் சரியாக அளந்திருந்தார். தான் ஏறி வந்த வழியைத்தான் அளக்க மறந்திருந்தார். அல்லது அவர் ஏறியே வரவில்லை, படத்தை வைத்தே முடித்திருக்கலாம். அதை நஸ்மியா யாரிடமும் கேட்கவில்லை. அவளுக்கும் கேட்கக் கூடாத கேள்வி என்று ஒன்றிரண்டு உண்டு.

சுமை கூலிக்கு என்ன விலை வைப்பது? ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை நடை போவார், ஒரு நடைக்கு எவ்வளவு தூக்குவார் என்று தெரிந்தால்தான் அலகு விலை கட்டலாம். நஸ்மியா அடுத்த தடவை வந்தபோது பழைய உரப்பை ஒன்றில் பாதிக்கு மணல் நிரப்பித் தானே தோளில் வைத்துக்கொண்டாள். துஷாந்தினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மிஸ், வேணாம் மிஸ். கந்தோர்ல எங்கள ஏசுவாங்க."

"நீங்க மணியப் பாருங்க, அது போதும்."

உட்கார்ந்துபோன மதகுவரை கௌரவமாக நடந்தாள். படியில் பாதி தூரம் ஏறும்போது ஹிஜாபுக்குள் வேர்வை வழிந்து கண் எரிந்தது. மேலே போய்ப் பையைப் போட்டபோது கால் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே போகும் கொழுந்துக்காரப் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி அந்தப் பையைத் தலையில் தூக்கி வைத்துப் பத்தடி நடந்து காட்டிவிட்டுத் திரும்ப வைத்தாள். நஸ்மியா தன் நேரத்தையும் அவர்கள் சொன்ன நேரத்தையும் சேர்த்துப் பார்த்து, ஓய்வுக்கும் இறங்குவதற்கும் இடம் விட்டு, ஒரு நியாயமான கணக்குக்கு வந்தாள்.

நியாயமான கணக்குத்தான், ஆனால் கூட்டிப் பார்த்தபோது மதிப்பீடு ஒதுக்கிய காசைத் தாண்டிவிட்டது. கல்லின் பாரந்தான் காரணம். சபையின் எஞ்சினியர் கோப்பைப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "சுவரைக் குறைங்க மிஸ்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. காசு அவ்வளவுதான் என்றால் அவர் வேறு என்ன சொல்வார்.

சுவரைக் குறைக்கலாம். எந்தப் பக்கத்தை? அதைத் தீர்மானிக்க நஸ்மியா மூன்றாம் தடவையும் ஏறினாள். மண்மேட்டின் ஒரு முனைக்குக் கீழே குழந்தைகள் தூங்கும் தொட்டில்கள். மறுமுனைக்குக் கீழே பால்மா கரைக்கும் குசினி, அங்கேதான் துஷாந்தினி முக்கால் நாளும் நிற்பாள்.

"எந்தப் பக்கம் குறைப்பீங்க மிஸ்?" என்று அவள் கேட்டாள்.

ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரிந்தவளுக்கு இந்த ஒரு கேள்வி தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மேட்டின் பக்கவாட்டில் நடந்தாள். மானாப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதற்குள் காலை வைத்தபோது கல் தட்டுப்பட்டது. புல்லை விலக்கினாள்; இன்னொரு கல். விலக்க விலக்க, ஒழுங்காக வரிசை பிடித்த கற்கள். ஒரு பழைய லயத்தின், தொழிலாளர் வரிசை வீடுகளின், அத்திவாரமும் அரைச்சுவரும். மண்சாந்தில் கட்டிய கருங்கல். கையால் ஆட்டினாலே கழன்று வந்தது. கல் இங்கேயே இருக்கிறது! சீமெந்தும் மணலும் மட்டும் ஏறினால் போதும். சுவரைக் குறைக்க வேண்டியதில்லை.

"தங்கச்சி, இந்தக் கல்லு யாருடையது?"

துஷாந்தினி புல்லுக்குள் வரவில்லை. ஓரத்திலேயே நின்றாள். "அத யாரும் தொட மாட்டாங்க மிஸ்" என்றாள்.

"ஏன்?"

"அம்மாகிட்டத்தான் கேக்கணும்."

அவளுடைய அம்மா சுந்தரம்மா, ஓய்வுபெற்ற கொழுந்துக்காரி, கீழ் லயத்தில் இருந்து வந்தாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு, புல்லுக்குள் நேராக நடந்துபோய் ஓர் இடத்தில் நின்றாள். அவள் காலடியில் நடுவில் தேய்ந்த நீளமான கல் ஒன்று கிடந்தது. அதன்மேல் கற்பூரம் எரிந்த கறுப்பு.

"இதான் நாங்க குடியிருந்த காம்பரா," என்றாள். "ஒரு மழைக்கு இந்த மண்ணு அப்படியே வந்துருச்சி. நாங்கல்லாம் வெளியில வந்துட்டோம். பக்கத்துக் காம்பராவுல கால் விளங்காத ஒரு வயசான ஆயா. அதத் தூக்கிட்டு வாறேன்னு எங்க வீட்டுக்காரரு உள்ள போனாரு. நாகமுத்து. ரெண்டு பேருமே வரல்ல." துஷாந்தினியைக் காட்டினாள். "இவ அப்ப கைப்புள்ள."

கேட்டிருக்கவே கூடாது என்று நஸ்மியாவுக்குத் தோன்றியது. அந்த அம்மாவிடம் போய்க் கல்லைத் தாருங்கள் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. ஆனால் சுந்தரம்மா அவள் கையில் இருந்த நாடாவைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள், பிள்ளைமடுவத்தின் ஜன்னலைப் பார்த்தாள்.

"கல்லு காணாதா மிஸ் உங்களுக்கு?"

"கல்லு இருந்தா செவரு முழுசா வரும் அம்மா. இல்லாட்டி கொறைக்கணும்."

"எங்க வைப்பீங்க?"

"பிள்ளைமடுவத்துக்குப் பின்னால. மண்ணு வராம."

சுந்தரம்மா குனிந்து அந்த நீளக் கல்லின் மேல் ஒட்டியிருந்த புல்லைப் பிய்த்தாள்.

"எடுங்க," என்றாள். "அது சும்மா கெடந்து என்ன செய்ய. இந்த வாசப்படிய மட்டும் ஒடைச்சிராதீங்க. செவத்துல எங்கயாவது முழுசா வைங்க. கண்ணுக்குத் தெரியிற மாதிரி."

தோட்ட நிர்வாகியான துரையிடம் கல்லெடுக்க அனுமதிக் கடிதம் வாங்குவது எளிதாகவே முடிந்தது. பயன்படாத கல்லுக்கு யார் மல்லுக்கட்டுவார்கள். நஸ்மியா பழைய அத்திவாரத்தையும் அரைச்சுவரையும் அளந்தாள். சாந்துக்கும் இடைவெளிக்கும் கழித்து, உடைந்ததையும் உளுத்ததையும் ஒதுக்கி, மிஞ்சியது சுவருக்கு மட்டுமட்டாகப் போதும் என்று கண்டாள். ஆசையில் அளவைக் கூட்டிவிடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கல் குறைந்தால் வெளியில் இருந்து கொண்டுவர, சபை கட்டளையிட்டால் மட்டும் என்ற குறிப்போடு சிறிய அளவு ஒன்றைத் தனியாகச் சேர்த்தாள்.

பிறகு புதிய பட்டியலை எழுத உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் 'கார்' ரோட்டும் இல்லை, 'காட்' ரோட்டும் இல்லை. 'லொறி கொழுந்து மடுவம்வரை மட்டுமே வரும். அதற்கு மேல் இடிந்த நடைபாதையும் கல்படியும். விலை கொடுக்க முன் தளத்தை நேரில் பார்க்கவும்' என்று பச்சையாக எழுதினாள். அத்திவாரம் தோண்டுதல், கன மீற்றரில். பழைய லயத்தைக் கழற்றிக் கல் பிரித்து அடுக்குதல், கன மீற்றரில். அந்தக் கல்லால் சீமெந்துச் சாந்தில் சுவர் கட்டுதல், இதுவும் கன மீற்றரில். கல் இலவசம் என்று தெளிவாக. தண்ணீர் வடியக் குழாய்கள், எண்ணிக்கையில். சுவருக்குப் பின்னால் சிறுகல் நிரப்புதல். அடியில் வடிகான், நீள மீற்றரில். சீமெந்தும் மணலும் தலைச்சுமையாக ஏற்றுதல், தனி வரியாக. கடைசியில் இன்னொரு வரி: 'பழைய வாசற்படிக் கல்லை உடைக்காமல் எடுத்து, சுவரின் முகப்பில் கண்ணில் படும்படி முழுதாகப் பதித்தல். எண்ணிக்கை ஒன்று.'

கூட்டினாள். ஒதுக்கிய காசுக்குள் நின்றது. இரண்டாம் முறையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிச் சத்தமில்லாமல் மேசையைத் தட்டினாள்.

எஞ்சினியர் கடைசி வரியில் விரலை வைத்தார். "இது எதுக்கு மிஸ் தனி வரி? கல் கட்டுறதுலேயே வந்துருமே."

"எழுதாட்டி மொத நாளே மேசன் சம்மட்டியால உடைச்சிருவாரு சேர். அவருக்கு அது நல்ல பெரிய கல்லு, அவ்வளவுதான். எழுதினா அது வேலை. நாளைக்கு நான் போய் எண்ணலாம்."

அவர் கையெழுத்து வைத்தார்.

இந்தத் தடவை மூன்று விலைகள் வந்தன. மழை தொடங்கியிருந்தது, விலைப் பெட்டியைத் திறந்த அன்று கந்தோர் ஓடெல்லாம் சத்தம். பஸ்லி நானா ஒவ்வொன்றாக வாசிக்க, நஸ்மியா பின்னால் நின்றாள். முதல் இருவரும் வாசற்படிக் கல்லுக்கு ஒரு விலை போட்டிருந்தார்கள். தப்பில்லை, எடுப்பதும் தூக்குவதும் பதிப்பதும் வேலைதான். மூன்றாவது சசிக்குமாருடையது. மொத்தத்தில் அதுதான் குறைவு, மதிப்பீட்டுக்கும் உள்ளே. கடைசி வரிக்கு வந்ததும் பஸ்லி நானா நிறுத்தினார்.

"இந்த ஆள் கடைசிக்கு வெலை போடல்ல மிஸ். என்னமோ எழுதி ஈக்கி."

விலைக் கட்டத்துக்குள் சின்ன எழுத்தில் எழுதியிருந்தான்: 'இதுக்கு வேண்டாம். நானும் அந்த லயத்துல பொறந்தவன்.'

விலை போடாத வரியின் செலவு மற்ற விலைகளுக்குள் அடங்கும் என்பது விதி. நஸ்மியா அதைச் சொல்லவும் செய்தாள். பஸ்லி நானா அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

வேலை கிடைத்த சசிக்குமார் மழை விட்ட நாட்களிலெல்லாம் ஆட்களை ஏற்றினான். சுவர் முடிந்ததும் கொடுப்பனவுக்காக அளக்க நஸ்மியா கடைசி முறை மேலே போனாள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குழாய்கள் ஒவ்வொன்றிலும் மேட்டுத் தண்ணீர் கலங்கலாக வடிந்து வடிகானில் ஓடியது, மண் வரவில்லை. அவளும் துஷாந்தினியும் நாடா பிடித்தார்கள். தொட்டில் முனையில் தொடங்கிக் குசினி முனைவரை ஒரே சுவர். வரி வரியாகச் சரிபார்த்துக் கடைசி வரிக்கு வந்தாள்.

வாசற்படியைச் சுவரின் நடுவில், இருக்கையைப் போலக் கொஞ்சம் வெளியே நீட்டிப் பதித்திருந்தான் சசிக்குமார். கற்பூரக் கறுப்பைக் கழுவவில்லை. நடை பழகும் குழந்தை ஒன்று அதைப் பிடித்துக்கொண்டு நின்றது. சுந்தரம்மா அதன்மேல் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடியிருந்தாள். நஸ்மியா வந்ததைக் கேட்டு எழும்பப் பார்த்தாள்.

"இருங்க அம்மா," என்றாள் நஸ்மியா. "எண்ணத்தான் வந்தேன்."

அளவுத் தாளை மழையில் நனையாமல் குடைக்குள் பிடித்துக்கொண்டு, ஒன்று என்று எழுதினாள்.